குடியுரிமை பின்தேதியிட்டு வராது

"குடியுரிமை குடுத்துட்டா போதும் தோழர், 83-ல எரிஞ்ச வீட்டுக்கு டெல்லியே கொழும்புகிட்ட நஷ்டஈடு கேக்கும்" என்றார் விழுப்புரம் நண்பர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய்த் தெற்கே திரும்பினால் வரும் கீழ்ப்புத்துப்பட்டு முகாமின் இலங்கை அகதிகளைத்தான் சொன்னார். நல்ல மனசு. ஆனால் சட்டம் அப்படி இல்லை.

வேற்று நாடு இழைத்த தீங்குக்குத் தன் குடிமகனுக்காக ஓர் அரசு கணக்குக் கேட்பதுதான் இராஜதந்திரப் பாதுகாப்பு. அதற்கு, தீங்கு நடந்த நாளிலும் கோரிக்கை வைக்கும் நாளிலும் அவர் அந்நாட்டவராக இருக்க வேண்டும். 83-ல் இலங்கைக் குடிமகனாக இருந்தவர் நாளை இந்தியரானாலும் இந்தச் சங்கிலி அறுந்ததுதான்.

ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 2006 வரைவு சில விலக்குகள் தருகிறது. அகதிக்காக அடைக்கலம் தந்த நாடே பேசலாம் என்கிறது. ஆனால், அவருடைய சொந்த நாட்டுக்கு எதிராக மட்டும் முடியாதாம்! இடையில் குடியுரிமை மாறினாலும், பழைய நாட்டின் பழைய தீங்கைப் புதிய நாடு கேட்க முடியாது.

வலுத்த நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தில் வந்த விதி இது. வீடெரிந்து படகேறியவர் பாஸ்போர்ட்டா தேடினார்?

குடியுரிமை கொடுங்கள், இங்கே வாழ்வதற்காக. 83-க்கான நீதியை அதோடு முடிச்சுப் போட்டு ஆசை காட்டாதீர்கள். அது அரசின் கோரிக்கையாக அல்ல, பாதிக்கப்பட்டவரின் மனித உரிமையாகவே கேட்கப்பட வேண்டியது.