ஏச்சு யாருக்கு?



போன கிழமை இன்டர்வெல்லில் தரம் 9 பெடியன்கள் இரண்டு பேர் சட்டை கிழியக் கிழியச் சண்டை பிடித்தார்கள். விலக்கிவிட்டு விசாரித்தோம். "சேர், இவன் எங்கட உம்மாவப் பத்தித் தூசணத்தால ஏசினான்." மற்றவனிடம், "அவங்கள உனக்குத் தெரியுமா?" என்று கேட்டோம். "கண்டதே இல்ல சேர்."

காணாத ஒருவரை ஏன் ஏசினான்? அந்த ஏச்சு அவருக்குப் போடப்பட்டதே இல்லை, மகனுக்குப் போடப்பட்டது. தமிழ், சிங்களம், உருது, அரபு, ஸ்பானிஷ் என்று பல மொழிகளிலும் இதே கதைதான். தாயைச் சொன்னால் "உன் பிறப்பே சரியில்லை" என்று அர்த்தம். சகோதரியைச் சொன்னால் "வீட்டுப் பெண்ணைக் காக்கத் தெரியாதவன்" என்று அர்த்தம். ஆணின் மானத்தைப் பெண்ணிடம் வைத்துப் பூட்டுகிற இடமெல்லாம் இந்தச் சாவி வேலை செய்யும்.

2006 உலகக் கிண்ண இறுதிப் போட்டி பலருக்கு ஞாபகம் இருக்கும். மட்டராஸி சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு ஸிதான் அடிக்கவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் நெஞ்சில் தலையால் முட்டி, சிவப்பு அட்டையோடு வெளியே போனார். சகோதரியைப் பற்றித்தான் சொன்னேன், தாயைத் தொடவில்லை, தாய் புனிதமானவர் என்று மட்டராஸி பிறகு விளக்கம் சொன்னார். விளக்கத்தைப் பாருங்கள்! சகோதரி என்றால் பரவாயில்லையாம்.

பிறர் பெற்றோரை ஏசுபவன் தன் பெற்றோருக்கே ஏச்சு வாங்கிக் கொடுக்கிறான் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது ஃபிக்ஹில் இருக்கிறது. ஒருவனைப் பார்த்து "விபசாரியின் மகனே" என்று சொன்னால் அது அவனுடைய தாயின் மீது சொன்ன அவதூறு, 'கத்ஃப்'. நான்கு சாட்சி கொண்டுவராவிட்டால் 80 கசையடி என்று சூரா நூர் சொல்லும் குற்றம் அது. எங்கள் ஷாஃபி மத்ஹபில் வழக்குக்குச் சொந்தக்காரி அந்தத் தாய்தான். தண்டனையைக் கேட்பதும் மன்னித்து விடுவதும் அவருடைய உரிமை. அவர் உயிரோடு இருக்கும்போது மகன் அவருக்குப் பதிலாக மன்னிக்கவும் முடியாது. (பெடியன்களுக்குக் கசையடி கொடுக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். உரிமை யாருடையது என்பதுதான் பேச்சு.)

சந்தியில் காயம்பட்டவன் மகன். மார்க்கத்தில் காயம்பட்டவர் தாய்.

நாங்களும் அன்று சந்தி வழக்கப்படிதான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். ஏசினவனை மற்றவனிடம் மன்னிப்புக் கேட்கவைத்து, இரண்டு பேருக்கும் கை கொடுக்கவைத்து, வகுப்புக்கு அனுப்பினோம். அந்த உம்மாவிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.