பிட்டர்-பேட்டர் பெய்யாத ஊர்

நீர்ச்சுழற்சியைக் குழந்தைகளுக்குச் சொல்லும் ஆங்கிலக் கதைகளுக்கென்று ஓர் அச்சு இருக்கிறது. துளி ஒன்று கடலிலிருந்து 'ஹூஷ்' என்று கிளம்பும். பஞ்சு மேகத்தில் ஏறி உட்காரும். 'பிட்டர்-பேட்டர்' என்று பூமிக்கு இறங்கும். 'ஸ்பிளாஷ்' என்று ஆற்றில் விழுந்து மறுபடி கடலுக்குப் போய்ச்சேரும். இந்தக் கதை தமிழுக்கு வரும்போது இரண்டில் ஒரு கதிக்கு ஆளாகிறது. ஒன்று, ஒலிகள் அப்படியே எழுத்து மாறி வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அல்லது, ஒலிகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு 'ஆவியாதல்', 'ஆவி சுருங்குதல்', 'மழைப்பொழிவு' என்று மூன்று பாடப்புத்தகச் சொற்களைக் குழந்தையின் கையில் திணிக்கிறார்கள். முதலாவதைச் செய்பவர்கள் அதை விளையாட்டு என்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர்கள் அறிவியல் என்கிறார்கள். இரண்டும் சோம்பல் என்பது எங்கள் தரப்பு.

தனியொரு நூலையோ மொழிபெயர்ப்பாளரையோ நாங்கள் குறிவைக்கவில்லை. அச்சைத்தான் கேள்வி கேட்கிறோம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் போன்ற முயற்சிகளில் கதைகள் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. யாரும் மொழிபெயர்க்கலாம், தேவைப்பட்டால் மாற்றியும் அமைக்கலாம். ஆகவே 'மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது, எங்களால் தொட முடியாது' என்ற பழைய சப்பைக்கட்டு அங்கே செல்லாது.

வாதத்தை அந்தரத்தில் நடத்த வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தை ஒன்றை வாசகராக வைத்துக்கொள்வோம். அந்த ஊரைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. மேற்கே பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. கிழக்கே சற்றுத் தொலைவில் கடலும் உப்பளங்களும். நீரின் சுற்றுப்பாதை முழுவதையும் இவ்வளவு கையடக்கமாகக் காட்டும் ஊர்கள் அதிகமில்லை. இந்தக் குழந்தைக்குப் 'பிட்டர்-பேட்டர்' என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. ஆங்கிலக் குழந்தைக்கு அது காதில் கேட்ட மழை. தமிழ்க் குழந்தைக்கு அது இன்னொரு பெயர்ச்சொல், ஒருவேளை கதையில் வரும் நாய்க்குட்டியின் பெயர்.

இனி, தமிழில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒலிக்குறிப்புச் சொற்களை நம் இலக்கணம் விளையாட்டுச் சாமானாகக் கருதவில்லை. 'என' என்னும் இடைச்சொல் இசையையும் குறிப்பையும் உணர்த்த வரும் என்று தொல்காப்பியம் தனித்தனியே எண்ணுகிறது. இசை என்றால் காதுக்குக் கேட்பது: சலசலவென, சடசடவென. குறிப்பு என்றால் காதுக்கு எட்டாமல் உடம்பும் மனமும் உணர்வது: பிசுபிசுவென, வெதுவெதுவென. ஆங்கிலக் கதையின் ஒலிச்சொற்கள் பெரும்பாலும் முதல் வகை. இரண்டாம் வகையில் தமிழ் பெருஞ்செல்வம் உடையது. நீர்ச்சுழற்சிக் கதைக்கு மிகவும் வேண்டியதும் இந்த இரண்டாம் வகைதான். ஏனென்றால் சுழற்சியின் முற்பாதி ஓசையே இல்லாமல் நடக்கிறது.

ஆவியாதலை எடுத்துக்கொள்வோம். 'ஹூஷ்' என்பது தவறான மொழிபெயர்ப்பு மட்டுமன்று, தவறான இயற்பியலும்கூட. வெயிலில் கடல்நீர் ஆவியாவதை யாரும் கேட்டதில்லை. 'தளதள' என்று போட்டால் இன்னும் மோசம். கடல் கொதித்தால்தான் ஆவியாகும் என்று குழந்தை எண்ணிக்கொள்ளும். ஆவியாவதற்குக் கொதிநிலை தேவையில்லை. நீரின் மேற்பரப்பில் எந்த வெப்பநிலையிலும் அது நடந்துகொண்டே இருக்கிறது. 'சர்ரென்று சூரியன் உறிஞ்சியது' என்பதும் அப்படித்தான்: சூரியன் குழல்வைத்துக் குடிப்பதில்லை, அது கொடுப்பது வெப்பம் மட்டுமே. பிறகு எந்தச் சொல்லைப் போடுவது? படித்துறையில் துவைத்துக் காயப்போட்ட வேட்டியைக் கேட்டால் சொல்லும். முதலில் அது சொதசொத. கொஞ்ச நேரத்தில் நசநச. உச்சிவெயிலில் மொடமொட. மூன்று சொற்களில் ஆவியாதல் முழுவதும் வந்துவிட்டது, ஒரு சத்தம்கூட இல்லாமல். அடுத்த பக்கத்தில் உப்பளத்துக்குப் போகலாம். பாத்தியில் கட்டிய கடல்நீர் நாளாக நாளாக வற்றுகிறது. நீர் போய்விட்டது, வாயில் வைத்தால் நறநறவென்று உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மேகத்துக்குப் போனது கடல் அன்று, கடலிலிருந்த நன்னீர் மட்டுமே என்ற கடினமான செய்தியை அந்த நறநற ஒரு வரியில் சொல்லிவிடும். 'ஹூஷ்' அதைச் சொல்லவே முடியாது.

அடுத்து மேகம். 'ஆவி சுருங்குதல்' என்ற சொல்லைக் கேட்ட குழந்தை எதையோ கசக்கிச் சுருட்டுவதாக நினைத்தால் அதன்மேல் குற்றமில்லை. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் முத்துமுத்தாய் வியர்க்கிறதே, அதுதான் இது. ஈரக்காற்று மலைமேல் ஏறி, ஏற ஏறக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆவி கண்ணுக்குத் தெரியும் நுண்துளிகளாகிறது. இந்த நுண்துளிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்கு அகலமுள்ளவை. ஏறத்தாழ பத்து லட்சம் நுண்துளிகள் சேர்ந்தால் ஒரு மழைத்துளி. அச்சுக்கதையின் கதாநாயகன் இங்கேதான் அடிபட்டுப் போகிறான். கடலில் கிளம்பிய அதே துளி, அதே முகத்தோடும் புன்னகையோடும், மழையாக இறங்குவதில்லை. இறங்குவது ஒரு பெருங்கூட்டம்.

இந்த இடத்தில் தமிழ் இலக்கணம் தரும் ஒரு வேறுபாடு, மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வோம். 'துளித்துளியாய்', 'சொட்டுச்சொட்டாய்' என்பவை அடுக்குத்தொடர். பிரித்தாலும் பொருள் தரும். ஒரு துளி, ஒரு சொட்டு என்று எண்ணலாம். 'சடசட', 'பொலபொல' என்பவை இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருளே கிடையாது. ஒரு 'சட' என்று எங்கும் இல்லை. மழை வருவதும் இந்த வரிசையில்தான். புழுதியில் முதலில் விழுவது பொட்டுப்பொட்டாய், எண்ணக்கூடியதாய். பிறகு ஓட்டின்மேல் சடசடவென்று, எண்ண முடியாததாய். பிறகு தனி ஒலிகளும் கரைந்து சோவென்று. தூறலுக்கும் பெருமழைக்கும் ஓசை வேறுபடுவதற்குக் காரணம் துளியின் பருமன். அரை மில்லிமீட்டர்த் துளி விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் இறங்கும். ஐந்து மில்லிமீட்டர்த் துளி ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து அறையும். எல்லா மழைக்கும் ஒரே 'பிட்டர்-பேட்டர்' போடுகிறவர் இந்த அறிவியலை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிலுகிலுப்பையை வைக்கிறார்.

ஆற்றிலும் இதே அலட்சியம். ஆறு என்றால் உடனே 'சலசல'. ஆழம் குறைந்த நீர் கல்மேல் மோதிப் புரளும்போது காற்றுக்குமிழிகள் சிக்கி அதிர்கின்றன. சலசலப்பு பெரும்பாலும் அந்தக் குமிழிகளின் ஓசை. மலையடிவாரத்துப் பாபநாசத்தில் அது பொருந்தும். அணைக்கட்டுக்கு மேற்புறம் நிறைந்து நிற்கும் ஸ்ரீவைகுண்டத்து ஆறு சலசலப்பதில்லை. அங்கே நீர் வாய்மூடி நிற்கிறது; அணையைத் தாண்டி விழும்போதுதான் சோவென்று இரைகிறது. கரையில் நின்று பார்க்கும் குழந்தைக்குத் தெரிந்த இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாமல் போனால், குழந்தை யாரை நம்பும்?

இன்னொன்றையும் அது அறிந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்யும் ஆடி மாதத்தில் ஸ்ரீவைகுண்டத்து வானம் வறண்டு கிடக்க, ஆற்றில் மட்டும் புதுநீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வந்து ஊரிலேயே பெய்யும். ஒரே கடல், ஒரே மேகம், ஒரே மழை என்ற அச்சுக்கதை வட்டத்துக்குள் இது அடங்காது. ஆனால் இதே ஆற்றங்கரையில் எழுந்த முக்கூடற்பள்ளு இதை அறியும். மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் வெட்டும் மின்னலையும், தவளையின் கூப்பாட்டையும், நண்டு வளையை அடைத்துக்கொள்வதையும் வைத்து நாளைக்கு வெள்ளம் வரும் என்று அதன் உழவர்கள் கணிக்கிறார்கள். இதைச் சொல்வது 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று மார்தட்டுவதற்காக அன்று. மேகம் கடலில் இறங்கி நீர் மொண்டு செல்வதாகப் பாடியவர்களும் நம்முடைய கவிகள்தாம். கவிதையாக அது அழகு, இயற்பியலாக அது பிழை. பள்ளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கவனத்தை.

எங்களுக்கு எதிராக இரண்டு குரல்கள் எழும் என்பது தெரியும். முதல் குரல் தூய்மைவாதிகளுடையது: ஒலிச்சொல் கொச்சை, அறிவியலுக்குக் கலைச்சொல்லே தகும் என்பார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகேயுள்ள பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ. நா. அப்புசாமி, வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் அறிவியலைத் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் வந்தார். அறிவியலைப் பொதுவாசகனுக்குப் புரியும் தமிழில் சொல்லமுடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கலைச்சொல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மொடமொட முதலில் வரட்டும், ஆவியாதல் அதன் பின்னால் வரட்டும் என்கிறோம். அனுபவத்துக்குப் பிறகு வரும் பெயர் மறக்காது.

இரண்டாவது குரல், 'சின்னக் குழந்தைகளுக்கான கதைதானே, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பகுதியில் பெய்தது என்ன என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போனதால் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் வெள்ளத்துக்கு நடுவே அகப்பட்டுக் கிடந்தார்கள். அந்த இரவில் கூரைமேல் இரைந்த மழையைக் கேட்ட குழந்தையிடம் மழையென்றால் 'பிட்டர்-பேட்டர்' என்று சொல்லிப்பாருங்கள். புத்தகம் சொல்லும் மழை வேறு, தன் ஊர் மழை வேறு என்று அது முடிவுகட்டும். அறிவியல் என்பது வேறு யாருடைய ஊரிலோ நடப்பது என்ற எண்ணம் இப்படித்தான் விதைக்கப்படுகிறது.

எனவே மொழிபெயர்ப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஆங்கில ஒலியைக் கண்டதும் அதற்கு ஈடான தமிழ் ஒலியைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் நீர் என்ன செய்கிறது, எதன்மேல் விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்று முதலில் கேளுங்கள். ஓசையிருந்தால் ஓசையைச் சொல்லுங்கள். ஓசையில்லையென்றால் குறிப்பைச் சொல்லுங்கள். வாக்கியத்தை உரக்கப் படித்து, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுபடியும் படியுங்கள். எடுத்தபின் ஒரு செய்தி குறையவில்லையென்றால் அது அங்கே வெறும் சத்தம். அதை அடித்துவிடலாம்.