பிளம்பர் 1,900 ரூபாய் கேட்டா, அது சரியா?

போன வாரம் எங்க வீட்டு ஃபிளஷ் டேங்க்கில் தண்ணி நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. பிளம்பர் வந்து உள்ளே இருந்த வால்வை மாத்தினார். மொத்தம் 1,900 ரூபாய் கேட்டார்.

நான் பேரம் பேசல. "அண்ணா, பிரிச்சு சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டேன். விசிட் 250, கூலி 450, பொருள் 1,200ன்னு சொன்னார்.

கூலியைப் பாருங்க. வேலை ஒரு மணி நேரம். நாள் கூலி 1,200ஐ எட்டால வகுத்தா மணிக்கு 150தானேன்னு தோணும். ஆனா அவருக்கு எட்டு மணி நேரமும் வேலை கிடைக்காது. பாதி நேரம் அலைச்சல்லயே போயிடும். அதனால மணிக்கு 300ன்னு வச்சுக்கணும். கடைக்குப் போய் வந்த அரை மணியையும் சேர்த்தா 450 நியாயம்தான்.

பொருள்லதான் விஷயம். வால்வு பெட்டியை வாங்கிப் பார்த்தேன், எம்ஆர்பி 780! கடை பில்லும் இல்ல. பெட்டியைக் காட்டினதும் 420 குறைஞ்சு, 1,480ல முடிஞ்சது.

என் கருத்து இதுதான்: உழைப்புக்கான கூலியைக் குறைக்காதீங்க, பொருள் விலையைச் சரிபாருங்க. போன்லயே "வேலை செஞ்சா விசிட் சார்ஜ் கழிப்பீங்களா?"ன்னு கேட்டுடுங்க. பெட்டி, பில், கழட்டின பழைய பொருள் மூணையும் வாங்கி வச்சுட்டு பணம் கொடுங்க.