நன்கொடை ரசீதில் தி.நகர், குழந்தைகள் தாம்பரத்தில்: எந்த முகவரியைச் சரிபார்ப்பது?

"40 குழந்தைகள் இருக்காங்க, நாளைக்கு அரிசி இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். கீழே ஓர் அறக்கட்டளையின் பெயர், 80ஜி வரிச்சலுகை உண்டு என்ற வரி, ஒரு க்யூஆர் கோடு. தாம்பரத்தில் இருப்பதாகச் சொல்லும் இந்த இல்லத்துக்குப் பிறந்தநாளன்று ரூ.5,000 அனுப்ப ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

விசாரித்தால் வரும் ரசீது மாதிரியில் தி.நகர் முகவரி இருக்கிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. அது அறக்கட்டளையின் பதிவு அலுவலகம். ஆடிட்டர் அலுவலகமாகவோ நிறுவனரின் வீடாகவோகூட இருக்கலாம். 80ஜி சான்றும் அந்த அறக்கட்டளைக்குத்தான். தாம்பரத்தில் ஒரு இல்லம் நடக்கிறது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. மேப்பில் காட்டும் இடமும் அப்படித்தான். அதை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள், 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 41-வது பிரிவின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லத்தின் பெயர், முகவரி, எத்தனை குழந்தைகளுக்கு அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு போன் செய்து, "இந்த முகவரியில் இந்த இல்லம் பதிவாகி இருக்கா?" என்று கேட்கலாம். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருவதால், சென்னையில் விசாரித்துப் பயனில்லை. போன் எண்ணை இல்லத்திடம் வாங்காமல், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் எடுங்கள். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது, "நேரில் வரலாமா?" என்ற கேள்வி. இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "முன்கூட்டியே சொல்லிட்டு வாங்க, அடையாள அட்டை வேணும், பதிவேட்டில் கையெழுத்து போடணும், குழந்தைகளை போட்டோ எடுக்கக் கூடாது" என்று சொல்லும் இல்லம் கெடுபிடி செய்யவில்லை. குழந்தைகளைப் பாதுகாக்கிறது. இல்லத்துக் குழந்தைகளின் அடையாளம் ஊடகங்களில் வெளியாவதை அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. சமைத்த உணவை மறுத்து, மளிகையாகத் தரச் சொல்வதும் பல இல்லங்களில் வழக்கம்தான்.

சந்தேகப்பட வேண்டிய பதில்கள் இரண்டு. ஒன்று: "எப்ப வேணா வாங்க, பிள்ளைங்களோட செல்ஃபி எடுத்துக்கலாம்." இன்னொன்று: "வரவே வேணாம், ஜிபே பண்ணுங்க போதும்." இரண்டாவது பதில் வந்து, முழு முகவரியும் கிடைக்காவிட்டால் பணத்தை நிறுத்திவிடலாம்.

பதிவு இருந்தால் பணம் சரியாகச் செலவாகும் என்று அர்த்தமில்லை. ஆனால், அங்கே ஒரு இல்லம் இருக்கிறது, அதிகாரிகளுக்கும் அது தெரியும் என்பது உறுதியாகும். நேரில் போகும்போது குழந்தைகள் துன்புறுத்தப்படுவதாகத் தோன்றினால் 1098-க்கு அழையுங்கள்.