எழுபத்தொரு கையும் உயர்ந்தது, தீர்மானம் நிறைவேறவில்லை



போன மாதம் எங்கள் சங்கத்தின் விசேட பொதுக்கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பல பேர் பல மாதிரிக் கதைக்கிறார்கள். பெயர் வேண்டாம், ஊரில் எல்லாருக்கும் எந்தச் சங்கம் என்று தெரியும். நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணக்கு எங்கே பிழைத்தது என்று விளங்கினால் அடுத்த கூட்டத்திலும் அதே பிழை நடக்காது.

புத்தளத்தில் இருக்கும் எங்கள் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் சங்கத்தின் புலமைப்பரிசில் கொடுக்கலாம் என்று யாப்பைத் திருத்துவதுதான் பிரேரணை. வந்திருந்தது 71 பேர். 71 பேரும் கை தூக்கினோம். தலைவர் “நூற்றுக்கு நூறு, நிறைவேறியது” என்றார், நாமும் தக்பீர் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இரண்டு கிழமையில் பத்திரம் திரும்பி வந்தது. திருத்தம் செல்லாதாம்.

“சேர், ஒருத்தர்கூட எதிர்க்கேல்லையே, இனி என்ன கணக்கு?” என்று ஒரு நானா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் யாப்பில் இருக்கும் வரி “மொத்த அங்கத்தவரில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாதோர்” என்பது. வந்தவர்களில் மூன்றில் இரண்டு என்று அது சொல்லவில்லை. பதிவேட்டில் 124 பெயர். 124ஐ மூன்றால் பிரித்து இரண்டால் பெருக்கினால் 82.67 வரும். 82 பேர் அந்த அளவுக்குக் குறைவு, ஆகவே 83 பேர் வேண்டும். 71 பேர் வந்த கூட்டத்தில் தலைகீழாக நின்றாலும் அது நிறைவேறாது. கை தூக்க முதலே தோற்ற வாக்கெடுப்பு அது.

இப்படிப்பட்ட விதியில் வராதவர் எல்லாரும் எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம். எங்கள் பாராளுமன்றத்திலும் இதுதான் நடைமுறை. அரசியலமைப்பின் உறுப்புரை 82(5) சமூகமளிக்காதோரையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டைக் கேட்கிறது. 225 பேரில் 150. ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற தடையை நீக்கிய 18ஆம் திருத்தம் 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக 161, எதிராக 17. வாக்களித்த 178 பேரை மட்டும் எடுத்தால் 119 போதும். ஆனால் தேவைப்பட்டது 150தான். அன்று வாக்களிக்காதவர்களும் எதிர்ப்பக்கம் எண்ணப்பட்டார்கள், அவ்வளவும் போதவில்லை என்பது வேறு கதை.

வீதமாக எழுதும்போது இன்னொரு சிக்கல் வரும். சில யாப்புகளில் மூன்றில் இரண்டு என்று எழுதாமல் 66 வீதம் என்றும், சிலதில் 67 வீதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். அதே 225 பேரில் 66 வீதம் என்றால் 148.5, அதாவது 149 பேர். மூன்றில் இரண்டு என்றால் சரியாக 150. 67 வீதம் என்றால் 150.75, அதாவது 151. கவனமாக எழுதுகிறோம் என்று 66.67 வீதம் போட்டாலும் 150.0075 வந்து 151 ஆகிவிடும். ஒரு வாக்கில் தங்கும் தீர்மானத்துக்கு இது சண்டைக்குப் போதும். மூன்றில் இரண்டைப் பின்னமாகவே எழுதுவதுதான் நல்லது. நான்கில் மூன்று என்பது 75 வீதத்தோடு சரியாகப் பொருந்துவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

தசமம் வந்தால் எப்போதும் மேலே உள்ள முழு எண்ணுக்குத்தான் போகவேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் 33.33ஐ 33 என்று கிட்டிய எண்ணுக்கு மாற்றச் சொல்லிக் கொடுக்கிறோம், அந்தப் பழக்கம் இங்கே உதவாது. 50 பேரில் மூன்றில் இரண்டு 34 பேர். 33 பேர் நின்றால் அது மூன்றில் இரண்டுக்குக் குறைவு. அதேபோல “குறையாத” என்பதும் “மேற்பட்ட” என்பதும் வேறு. 60 பேரில் முதலாவதுக்கு 40 போதும், இரண்டாவதுக்கு 41 வேண்டும்.

கூட்டத்தில் கல்குலேட்டர் தேடத் தேவையில்லை. ஆம் என்றவர்களை மூன்றால் பெருக்குங்கள், மொத்தத்தை இரண்டால் பெருக்குங்கள். முதலாவது குறையாமல் இருந்தால் மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் 71ஐ மூன்றால் பெருக்க 213, 124ஐ இரண்டால் பெருக்க 248. செயலாளர் ஒரு நிமிடம் இதைச் செய்திருந்தால் தக்பீரை அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கலாம். நான்கில் மூன்றுக்கு ஆம் என்றதை நான்காலும் மொத்தத்தை மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள்.

மொத்தம் எது என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. 60 பேர் வந்து 36 பேர் ஆம், 14 பேர் இல்லை, 10 பேர் பேசாமல் இருந்தார்கள் என்று வைப்போம். யாப்பு “சமூகமளித்தோரில்” என்றால் 40 வேண்டும், தோல்வி. “சமூகமளித்து வாக்களித்தோரில்” என்றால் 50 பேரில் 34 போதும், வெற்றி. ஒரு சொல்தான் வித்தியாசம்.

இனி எங்கள் விடயத்துக்கு வருவோம். பதிவேட்டில் இருக்கும் 124 பேரில் 9 பேர் வபாத்தாகிவிட்டார்கள். அவர்களின் பெயரை முறைப்படி நீக்கினால் 115 பேர், அதில் மூன்றில் இரண்டு 76.67. அப்போது 77 பேர் போதும். அன்று வந்த 71 பேரும் திரும்ப வந்தால் இன்னும் 6 பேர்தான் குறை.

சந்தா கட்டாதவர்களையும் வெட்டினால் இலேசாக முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அதற்கு உடன்பட மாட்டோம். சந்தா நிலுவையில் இருப்பவர்கள் பெரும்பாலும் யார்? 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வேர் விட்டு, பெருநாளுக்கு மட்டும் சோனகதெருவுக்கு வந்து போகிறவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு உதவுவதற்காக அவர்களின் பெயரையே வெட்டி எண்ணிக்கையைக் குறைப்பதா? அப்படிச் செய்வதென்றாலும் நிலுவையை அறிவித்து, தவணை கொடுத்து, அதன் பிறகுதான் வெட்டலாம். கூட்டத்தன்று காலையில் பேனாவை எடுத்து வெட்டினால் இந்த முறையும் பத்திரம் திரும்பி வரும்.

சிலர் விதியையே மாற்றி, வந்தவர்களில் நான்கில் மூன்று என்று ஆக்கலாம் என்கிறார்கள். எமக்கும் விருப்பம்தான், ஆனால் கோரத்தைப் பார்க்காமல் அல்ல. கோரம் மூன்றில் ஒன்று என்று விட்டால் 39 பேர் வந்த கூட்டத்தில் 30 பேர் முழு யாப்பையும் மாற்றிவிடுவார்கள். கோரத்தைப் பாதி ஆக்கினால் 58 பேர் வரவேண்டும், அதில் 44 பேர் ஆம் என்ன வேண்டும். சாதாரண திருத்தங்களுக்கு அது போதும். காணி, கட்டிடம் விற்பதற்கு மட்டும் இப்போதுள்ள மொத்த அங்கத்தவர் கணக்கே இருக்கட்டும். இந்த மாற்றத்துக்கும் முதலில் அந்த 77 பேர் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். வபாத்தானவர்களின் பெயர்களை நீக்கிய பதிவேட்டை நிர்வாகசபை ஏற்று, 21 நாள் முன்னறிவித்தலோடு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்றாம் நாள் கூட்டத்தை வையுங்கள். புத்தளத்திலிருந்து வருகிறவர்கள் அன்று ஊரில்தான் இருப்பார்கள். திரும்பிப் போகிற வான் பின்னேரம்தான் வெளிக்கிடும், கூட்டம் லுஹருக்குப் பிறகு என்றால் எல்லாரும் நிற்பார்கள். வாசலில் கையெழுத்துப் புத்தகம் இருக்கட்டும். 77ஆவது கையெழுத்து விழுந்த பிறகு பிரேரணையை எடுங்கள்.