நான்கு பேருக்கும் முதலிடம் கொடுத்தால் பரிசு யாருக்கு?

பேச்சுப் போட்டியில் மூன்று நடுவர்கள் போட்ட மதிப்பெண்களை அப்படியே கூட்டினால் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் 50க்கு 20 முதல் 45 வரை ஏற்றி இறக்கிப் போடுவார். இன்னொருவர் எல்லோரையும் 38க்கும் 40க்கும் நடுவில் அடைத்துவிடுவார். கூட்டிப் பார்த்தால் முதல் நடுவர் நினைத்ததே பெரும்பாலும் முடிவாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்களையும் 1, 2, 3 என்று தர எண்களாக மாற்றிக் கூட்டி, தொகை யாருக்குக் குறைவோ அவருக்குப் பரிசு தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஒரு நடுவர் பலருக்கு ஒரே மதிப்பெண் போடாதவரை.

ஐந்து பேர் பேசினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நடுவரின் வரிசை: கயல், தமிழரசி, செழியன், பரிதி, மதி. இரண்டாமவரின் வரிசை: கயல், செழியன், பரிதி, தமிழரசி, மதி. மூன்றாம் நடுவர் கயலுக்கு 39 போட்டுவிட்டு, மற்ற நால்வருக்கும் 40 போட்டுவிடுகிறார்.

இந்த நால்வருக்கும் என்ன தர எண் கொடுப்பது? வழக்கமாக எல்லோருக்கும் 1 என்று போட்டு, அடுத்து வரும் கயலுக்கு 5 போடுவார்கள். அப்படிக் கூட்டினால் செழியனுக்கு 3, 2, 1 சேர்ந்து 6. கயலுக்கு 1, 1, 5 சேர்ந்து 7. கோப்பை செழியனுக்கு. இரண்டு நடுவர்கள் முதலிடம் தந்த பெண், தமிழரசியோடு சேர்ந்து இரண்டாமிடத்தில் நிற்கிறார்.

சராசரித் தர எண் முறையில் கணக்கு வேறு. மதிப்பெண்கள் சமமாகாமல் இருந்திருந்தால் அந்த நால்வரும் 1, 2, 3, 4 ஆகிய இடங்களைப் பிடித்திருப்பார்கள். அந்த நான்கையும் கூட்டினால் 10, நான்கால் வகுத்தால் 2.5. ஆளுக்கு 2.5 கொடுத்துவிட வேண்டும். கயலுக்கு அதே 5தான். இப்போது செழியனுக்கு 7.5, கயலுக்கு 7. கோப்பை கை மாறுகிறது.

இதில் இரண்டாவது கணக்கே சரி என்பேன். கயல்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. முதல் முறையில் ஒரு கோணல் இருக்கிறது. நால்வர் மேலே சமமாகவும் ஒருவர் கீழேயும் இருந்தால், இடைவெளி 1க்கும் 5க்கும் உள்ள நான்கு படி. அதையே தலைகீழாக்கி, ஒருவர் மேலேயும் நால்வர் கீழே சமமாகவும் இருந்தால் 1, 2, 2, 2, 2 என்று வரும். இடைவெளி ஒரே படி. ஒருவரைத் தாழ்த்தும் நடுவருக்கு நான்கு படி பலம், ஒருவரை உயர்த்தும் நடுவருக்கு ஒரு படி பலம் என்றால் அது என்ன நியாயம்? சராசரி முறையில் இரண்டு பக்கமும் 2.5 படிதான்.

சமமானவர்களுக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண்ணைத் தாண்டாமல் போடுவோரும் உண்டு. அப்போது மூன்றாம் நடுவரின் கருத்து ஒரே படிக்குள் சுருங்கி, அவர் வந்து உட்கார்ந்ததற்குப் பயனில்லாமல் போகிறது. நம் கணக்கில் அதிலும் கயலே வெல்வார், ஆனால் தவறான காரணத்தால்.

கணக்கு சரியா என்று பார்ப்பது எளிது. ஐந்து பேர் என்றால் ஒவ்வொரு நடுவரின் தர எண்களும் கூடி 15 ஆக வேண்டும். மூன்றாம் நடுவருக்குப் பழைய முறையில் 9தான் வருகிறது. சராசரி முறையில் 15. எக்செல் விரிதாளில் பலரும் பழக்கத்தில் RANK என்று அடிக்கிறார்கள்; அது 1, 1, 1, 1, 5 என்றே தரும். வேண்டியது இது:

```
=RANK.AVG(B2,$B$2:$B$6,0)
```

இந்தச் சோதனையிலும் அகப்படாத தவறு ஒன்று உண்டு. பல தலைப்புகளில் போட்ட மதிப்பெண்களைச் சராசரி எடுத்திருந்தால், திரையில் இரண்டு 40 தெரியும். உள்ளே ஒன்று 40.3, மற்றது 39.8 ஆக இருக்கும். விரிதாள் அவற்றைச் சமமாக எடுக்காது. எத்தனை தசமம் வரை கணக்கு என்று முன்பே முடிவு செய்து, அந்த அளவுக்கு முழுமையாக்கிய பிறகே தர எண் போட வேண்டும்.

நடுவர்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை என்று ஸ்பியர்மன் முறையில் அளக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சராசரி முறை கூட்டுத்தொகையைத்தான் காக்கும், வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் காக்காது. 1, 2, 3, 4இன் வர்க்கங்கள் கூடி 30, நான்கு 2.5களின் வர்க்கங்கள் கூடி 25. குறைகிற அந்த 5க்காகத்தான் பாடநூல் சூத்திரத்தில் திருத்த உறுப்பு ஒன்று சேர்க்கப்படுகிறது.

மேடையில் யாரும் 2.5ஆம் இடம் என்று அறிவிக்கப்போவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் பார்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்தபோது வெள்ளி யாருக்கும் இல்லை; அடுத்தவருக்கு வெண்கலம். அறிவிப்புக்கு அந்த 1, 1, 3 போதும். பல நடுவர்களின் தர எண்களைக் கூட்டும் இடத்தில் மட்டும் சராசரி வேண்டும். எது எங்கே என்பதை அழைப்பிதழோடு போகும் விதிமுறைத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். முடிவு தெரிந்த பிறகு முறையைத் தேர்ந்தெடுத்தால், செழியன் வீட்டாரோ கயல் வீட்டாரோ கேட்கும் கேள்விக்கு அமைப்பாளரிடம் பதில் இருக்காது.