பாழாக்கியது யார்?

அன்புள்ள வாசகர்களுக்கு,

ஒரு பத்தியில் ஒரே ஒரு வினைமுற்றைத் தவறாக எழுதி, கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியை இந்த இதழில் தந்திருக்கிறோம். களம், ஜவ்வாது மலை. படித்துப் பாருங்கள்:

'ஜமுனாமரத்தூர்ப் பக்கம் அந்த ஆண்டு நல்ல மழை. கொல்லையில் சாமை முற்றியிருந்தது. அறுவடைக்கு முந்தின இரவு காட்டுப்பன்றிகள் வேலியை உடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே புகுந்து, பாதிக் கதிரை மிதித்துப் பாழாக்கியது. சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். பன்றிக் கூட்டம் காட்டுக்குள் மறைந்தது.'

'பாழாக்கியது' என்பதுதான் பிழை. 'பாழாக்கின' என்று இருக்க வேண்டும். பாழாக்கியவை காட்டுப்பன்றிகள், அதாவது பலவின்பால். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், அதற்குக் காரணம் உண்டு. எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் நடுவே உடைத்து, புகுந்து, மிதித்து என்று மூன்று எச்சங்கள் வருகின்றன. எச்சம் ஒருமை பன்மை காட்டாது. வினைமுற்றை அடைவதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. பக்கத்தில் நிற்கும் 'கதிரை' என்ற ஒருமைதான் கண்ணில் படுகிறது. காதும் உதவாது, ஏனென்றால் பேச்சில் நாம் எல்லோரும் 'பன்னிங்க வந்துச்சு' என்றுதான் சொல்கிறோம். அது பேச்சின் இயல்பு, குறையன்று. இந்தப் பயிற்சி கேட்பது எழுத்து வழக்கை.

கடைசி வாக்கியத்தைத் திருத்தியிருந்தால் ஏமாந்துவிட்டீர்கள். 'கூட்டம்' ஒருமை, 'மறைந்தது' சரியே. வேண்டுமென்றே வைத்த பொறி அது.

நீங்களே பத்தி எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். அஃறிணையில் பிழையை எல்லாக் காலத்திலும் ஒளிக்க முடியாது. 'மாடு மேய்ந்தது, மாடுகள் மேய்ந்தன' என இறந்தகாலத்தில் பிரியும். 'மேய்கிறது, மேய்கின்றன' என நிகழ்காலத்திலும் பிரியும். எதிர்காலத்தில் 'மாடு மேயும், மாடுகள் மேயும்' என்று இரண்டுக்கும் ஒரே வடிவம். 'மேயவில்லை' என்ற எதிர்மறையும் அப்படியே. அங்கே ஒளித்தால் பிழையே இருக்காது.

அடுத்தது, விடை ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். 'காட்டுப்பன்றிகள்' என்பதைக் 'காட்டுப்பன்றி' என்று மாற்றி, வினையை அப்படியே விட்டாலும் வாக்கியம் சரியாகிவிடுமே என்று ஒரு மாணவர் வாதாடலாம். அதை மறுக்க முடியாது. அதனால்தான் 'ஒன்றன்பின் ஒன்றாக' என்பதையும் 'பன்றிக் கூட்டம்' என்பதையும் சேர்த்தோம். ஒற்றைப் பன்றி ஒன்றன்பின் ஒன்றாகப் புக முடியாது. இந்தக் காப்பு இல்லாத வினாக்கள்தான் தேர்வுகளில் சண்டையை மூட்டுகின்றன. டி.என்.பி.எஸ்.சி. பொதுத்தமிழில் ஒருமை பன்மைப் பிழை நீக்கம் கேட்கப்படுவதால், அதற்குப் படிக்கும் வாசகர்களுக்கும் இது பயன்படும்.

தேடும் வழி எளிது. ஒவ்வொரு வினைமுற்றிலும் நின்று 'எது?', 'எவை?' என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை, எச்சங்களைத் தாண்டிப் பின்னோக்கிப் போங்கள்.

உங்கள் ஊரைக் களமாக வைத்து ஐந்து வாக்கியத்தில் ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். பிழை ஒன்றே ஒன்று இருக்கட்டும். விடையைத் தனித்தாளில் எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்